கேமரா திரும்பும்போது படம் ஏன் தடுக்குகிறது?

கேமரா மெதுவாக இடமிருந்து வலமாகத் திரும்புகிறது. மண்டபத் தூண்கள் ஒவ்வொன்றாகத் திரையைக் கடக்கின்றன. ஆனால் தூண்களின் விளிம்பு வழுக்கிக்கொண்டு போகாமல் தடுக்கித் தடுக்கிப் போகிறது. இன்டர்நெட் வேகம் போதவில்லை என்று பலர் ரௌட்டரை அணைத்துப் போடுவார்கள். ரௌட்டர் பாவம், அதன்மேல் குற்றமில்லை. இது வகுத்தல் கணக்கில் வரும் மீதி.

சினிமா நொடிக்கு 24 ஃபிரேம்களில் எடுக்கப்படுகிறது. டிவியோடு இணைத்த ஸ்ட்ரீமிங் பெட்டி பெரும்பாலும் நொடிக்கு 60 முறை படம் அனுப்பும். 60-ஐ 24-ஆல் வகுத்தால் இரண்டரை. அரை முறை காட்ட வழியில்லாததால், ஒரு ஃபிரேமை மூன்று முறையும் அடுத்ததை இரண்டு முறையும் பெட்டி மாற்றி மாற்றிக் காட்டுகிறது.

ஒரு 4கே திரையின் அகலம் 3840 புள்ளிகள். ஒரு தூண் அதைக் கடக்க 8 நொடி ஆகிறது என்று வையுங்கள். அந்த நேரத்தில் 192 ஃபிரேம்கள். ஃபிரேமுக்கு 20 புள்ளி நகர்வு. நகரும் தூரம் எப்போதும் ஒன்றுதான். நிற்கும் நேரம்தான் மாறுகிறது: ஓரிடத்தில் 50 மில்லிநொடி, அடுத்த இடத்தில் 33. நொண்டிக்கொண்டு நடப்பவரின் நடை மாதிரி. சண்டைக் காட்சியில் இது தெரியாது. சீரான நகர்வைத் தொடரும் கண்தான் கண்டுபிடிக்கும். பெட்டி 50-இல் ஓடினால் வேறு விதம்: அரை நொடிக்கு ஒருமுறை ஒரு சின்னத் தடங்கல்.

தீர்வு, படத்தின் வேகத்துக்குப் பெட்டியை இறக்குவது. ஆப்பிள் டிவியில் Match Content பகுதியிலுள்ள Match Frame Rate, ஃபயர் டிவியில் Match Original Frame Rate, கோடியில் Adjust display refresh rate. இதை இயக்கியதும் படம் தொடங்கும்போதும் முடியும்போதும் திரை ஓரிரு நொடி கறுக்கலாம். பழுது என்று பயப்பட வேண்டாம். 120 ஹெர்ட்ஸ் திரை ஒவ்வொரு ஃபிரேமையும் சரியாக ஐந்து முறை காட்டிவிடும். சில செயலிகள் இந்த வசதியைப் பயன்படுத்துவதில்லை. அவற்றில் தடுக்கல் தொடரும்.

இன்னொரு நுணுக்கம். பல படங்களின் உண்மையான வேகம் 23.976. அதைச் சரியாக 24-இல் ஓட்டினால் சுமார் 42 நொடிக்கு ஒருமுறை ஒரு ஃபிரேம் இரண்டாம் முறை வந்து, படம் லேசாகக் குலுங்கும். பெட்டியில் இரண்டும் தனித்தனியாக இருந்தால் 23.976-ஐத் தேர்ந்தெடுங்கள்.

சோதிக்கப் படத்தின் கடைசியில் மேலேறும் பெயர்ப் பட்டியலே போதும். எழுத்துகள் ஒரே தாளத்தில் ஏறினால் சரி. அதன் பிறகும் வேகமான திருப்பங்களில் கொஞ்சம் வெட்டல் இருக்கும். நொடிக்கு 24 படம் என்பதன் இயல்பு அது, எந்த செட்டிங்கும் அதை மாற்றாது. இல்லாத ஃபிரேம்களை டிவியே உருவாக்கிச் செருகும் வசதி ஒன்று உண்டு. அது வெட்டலை மழுப்பும், ஆனால் சினிமாவை மெகா சீரியல் மாதிரி ஆக்கிவிடும். நான் அதை அணைத்தே வைத்திருக்கிறேன்.