கன்ன எலும்பைத் தொடாத ஒளியும் நிழலும்

ஒரு புகைப்படத்தில் கன்னத்தின் மேடு பள்ளங்களைக் கண் அறிவது ஒளி எங்கே உச்சம் பெறுகிறது, எங்கே நிழலாக மாறுகிறது என்பதை வைத்துத்தான். அந்த எல்லைகள் இடம் பெயர்ந்தால், எலும்பு அப்படியே இருந்தும் முகம் வேறொருவருடையதாகிவிடும். ஆகவே டாட்ஜ், பர்ன் வேலையில் ஒரே விதி போதும்: படத்தில் ஏற்கெனவே இருக்கும் ஒளியைக் கூட்டலாம், இருக்கும் நிழலை ஆழப்படுத்தலாம், புதிதாக எதையும் உண்டாக்கக் கூடாது.

இந்த முறை இருட்டறையிலிருந்து வந்தது. தாளில் படம் பதியும்போது ஒரு பகுதியைச் சிறு அட்டையால் மறைத்தால் அது வெளிறும், கூடுதல் நேரம் ஒளி காட்டினால் கருக்கும். முன்னது டாட்ஜ், பின்னது பர்ன். போட்டோஷாப்பில் இதே பெயரில் தூரிகைகள் உண்டு. ஆனால் அவற்றை மூலப்படத்தின் மீதே ஓட்டினால் பிறகு திருத்த வழியில்லை. இரண்டு Curves அடுக்குகளே பாதுகாப்பானவை. ஒன்றில் கோட்டின் நடுப்புள்ளியை 128-லிருந்து 145 அளவுக்கு உயர்த்த வேண்டும், மற்றொன்றில் 112 அளவுக்கு இறக்க வேண்டும். ஒவ்வொன்றின் மாஸ்க்கையும் Ctrl+I அழுத்திக் கறுப்பாக்கினால் விளைவு மறைந்துவிடும். பிறகு, விளிம்பு மென்மையான வெள்ளைத் தூரிகையால், Flow 2 அல்லது 3 சதவீதத்தில், தேவையான இடத்தில் மட்டும் அதை மெல்ல வெளிக்கொணரலாம். அடுக்கு அசல் படத்தின் மீது வண்ணம் பூசுவதில்லை, இருக்கும் ஒளி அளவை மட்டும் மாற்றுகிறது. அதனால் தோலின் துளைகளும் மென்முடியும் அப்படியே தெரியும்.

இடப்புற ஜன்னலிலிருந்து, சுமார் 45 பாகைச் சாய்வில் ஒளி விழும் மாநிறப் பெண்ணின் முகத்தை எடுத்துக்கொள்வோம். படத்தின் இடப்பக்கக் கன்னத்தில், கண்ணின் வெளிமுனைக்குக் கீழே கன்ன எலும்பின் முகட்டில் ஒரு மெல்லிய பளபளப்பு இருக்கும். டாட்ஜ் அங்கேதான், அந்தப் பளபளப்பின் எல்லைக்குள்ளேதான். அதன் கீழே, காதுக்கு முன்னிருந்து வாயின் ஓரத்தை நோக்கி இறங்கும் நிழலில் பர்ன். நிழல் தானாக எங்கே கரைகிறதோ அங்கே தூரிகையும் நிற்க வேண்டும். வலப்பக்கக் கன்னம் ஏற்கெனவே இருண்டது. அங்கே கண்ணுக்குக் கீழ் விழும் சிறு ஒளித்திட்டைச் சற்றுத் தூக்கினால் போதும். பெரும்பாலான படங்கள் கெடுவது இந்த இடத்தில்தான். ஒப்பனை செய்பவர் இரு கன்னங்களுக்கும் ஒரே அளவில் கான்டூர் இடுவதைப் பார்த்து, படத்திலும் அப்படியே தீட்டிவிடுகிறார்கள். ஜன்னல் ஒரு பக்கம் இருக்க, நிழல் இரு பக்கமும் சமமாக விழுந்தால் முகம் முகமூடியாகத் தோன்றும்.

கன்னச் சிவப்புக்குத் தனி அடுக்கு வேண்டும். தோலுக்கடியில் பாயும் இரத்தம் பச்சை ஒளியை அதிகம் விழுங்குவதால்தான் கன்னம் சிவக்கிறது. படத்திலும் அதையே செய்யலாம். மூன்றாவது Curves அடுக்கில் Green தடத்தை மட்டும் தேர்ந்து, நடுப்புள்ளியை 128-லிருந்து 118-க்கு இறக்கி, மாஸ்க்கைக் கறுப்பாக்கி, சிரிக்கும்போது உருண்டு நிற்கும் கன்னப் பகுதியில் தொடங்கிப் பொட்டை நோக்கி மங்கலாகத் தீட்ட வேண்டும். மாநிறத் தோலுக்கு இதுவே மிகப் பொருத்தமான வழி. வெளிர் ரோஜா நிறத்தை எடுத்துத் தீட்டினால் சாம்பல் பூத்தது போலாகிவிடும். பச்சையைக் குறைத்தாலோ தோலின் சொந்த நிறத்திலிருந்தே செங்கல் சிவப்பு எழும்.

பர்ன் செய்த இடம் சில வேளை அளவுக்கு மீறிச் செம்மஞ்சளாக மாறும். அந்த அடுக்கின் கலப்பு முறையை Luminosity ஆக்கினால் நிறம் அடங்கும். நிழல் உயிரற்றுச் சாம்பலானால் Normal-க்கே திரும்பி, அடுக்கின் Opacity-ஐக் குறைப்பது மேல்.

வேலை முடிந்ததும் படத்தைச் சிறிதாக்கி, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு Black & White அடுக்கை வைத்து, மூன்று அடுக்குகளையும் அணைத்து அணைத்து ஏற்றிப் பார்க்க வேண்டும். உச்ச ஒளி இருந்த இடத்திலேயே பிரகாசமானால் வேலை சரி. அது மூக்குப் பக்கமோ காதுப் பக்கமோ நகர்ந்தது போலத் தெரிந்தால் கன்ன எலும்பு மாறிவிட்டது என்று பொருள், அங்கே மாஸ்க்கைக் கறுப்பால் அழிக்க வேண்டும். மெல்லிய நிழலில் பட்டை பட்டையாகக் கோடுகள் எழுந்தால் படம் 8 பிட்டில் இருப்பது காரணமாக இருக்கலாம். ரா கோப்பை 16 பிட்டில் திறந்து தொடங்குவது நல்லது.

வெயிலில் முழுதும் வெளுத்துப்போன கன்னத்தில் இந்த முறை பலிக்காது. 255-ஐத் தொட்ட இடத்தில் தோலின் விவரம் எதுவும் பதிவாகியிருக்காது. பர்ன் செய்தாலும் அந்த விவரம் திரும்பாது. அந்தப் படத்தை ஒளியைக் குறைத்து மறுபடி எடுப்பதே வழி.