ஆல்புமின் 2.1, குளோபுலின் 2.9: குற்றவாளி கல்லீரல்தானா?

ராஜபாளையத்து நூற்பாலை ஒன்றில் ஷிஃப்ட் பார்க்கும் நாற்பது வயதுப் பெண் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். எட்டு மணி நேரம் நின்றே பார்க்கும் வேலை. சாயங்காலம் கால் வீங்கினால், "நின்னுக்கிட்டே இருந்தா வீங்காம என்ன செய்யும்?" என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். சொல்வதும் நியாயம்தான். ஆனால் மூன்று வாரமாகக் காலையில் எழுந்திருக்கும்போதே கண்ணைச் சுற்றி உப்பியிருக்கிறது. அதற்கு நின்ற வேலையைக் காரணம் சொல்ல முடியாது. ரத்தம் கொடுக்கிறார். மாலையில் ரிப்போர்ட் வருகிறது: மொத்தப் புரதம் 5.0, ஆல்புமின் 2.1, குளோபுலின் 2.9. பிலிருபின், எஸ்ஜிபிடி எல்லாம் சரியாக இருக்கின்றன.

தாளின் தலைப்பில் 'லிவர் ஃபங்ஷன் டெஸ்ட்' என்று இருப்பதால் வீடே கல்லீரலைப் பற்றிக் கவலைப்படத் தொடங்கும். கீழாநெல்லி அரைக்க ஒருவர், முட்டை வெள்ளைக்கரு கொடுக்க ஒருவர் என்று ஆளுக்கொரு யோசனை வரும். ஆனால் இந்த எண்கள் கைகாட்டும் இடம் பெரும்பாலும் கல்லீரல் அல்ல.

முதலில் ஆய்வுக்கூடத்தில் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். அங்கே அளக்கப்படுவன மொத்தப் புரதமும் ஆல்புமினும் மட்டுமே. குளோபுலினை யாரும் அளப்பதில்லை, 5.0-இலிருந்து 2.1-ஐக் கழித்து 2.9 என்று எழுதிவிடுகிறார்கள். ஆல்புமினை அளக்கப் பல ஆய்வுக்கூடங்களில் புரோமோகிரெசால் பச்சை என்ற சாயத்தைச் சேர்க்கிறார்கள். அது ஆல்புமினோடு ஒட்டி நிறம் மாறும், அந்த நிறத்தின் அழுத்தத்தைக் கருவி படிக்கும். ஆல்புமின் மிகவும் குறைந்த ரத்தத்தில் இந்தச் சாயம் சில குளோபுலின்களோடும் ஒட்டிக்கொள்வதால், உள்ளதைவிடச் சற்று அதிகமாகவே காட்டும். அதாவது 2.1 என்று வந்தால் நிஜ அளவு அதைவிடவும் கீழே இருக்கலாம். வழக்கமான அளவு டெசிலிட்டருக்கு 3.5 முதல் 5 கிராம்.

ஆல்புமினைத் தயாரிப்பது கல்லீரல் மட்டுமே என்பது உண்மை. நாளொன்றுக்கு 10 முதல் 15 கிராம் வரை செய்கிறது. ஆனால் செய்ததில் பாதி அழிய ஏறக்குறைய மூன்று வாரம் ஆகும். அதனால் மஞ்சள் காமாலை வந்த முதல் வாரத்தில் ஆல்புமின் பெரும்பாலும் குறைவதில்லை. கல்லீரல் பல வருடம் நைந்து சுருங்கிய சிரோசிஸ் நோயில்தான் நன்றாகக் குறையும். அப்போதும் குளோபுலின் பேசாமல் இருக்காது. குடலிலிருந்து வரும் கிருமிப் பொருள்களை வடிகட்ட வேண்டிய கல்லீரலைத் தாண்டி அவை ரத்தத்தில் கலப்பதால், எதிர்ப்பொருள்கள் பெருகி குளோபுலின் பொதுவாக ஏறிவிடும். காசநோய் போன்ற நீண்டகால அழற்சியிலும் இதே கதைதான், ஆல்புமின் இறங்க குளோபுலின் ஏறும். குடல் வழியாகப் புரதம் கசிந்தால் பெரியது சிறியது என்ற பேதமில்லாமல் இரண்டுமே போகும்.

ஆல்புமின் மட்டும் தனியாகச் சரிந்து குளோபுலின் நிலையாக நிற்கிறதென்றால், அளவு பார்த்துப் பிரிக்கிற ஏதோ ஒரு சல்லடை கிழிந்திருக்கிறதா என்று முதலில் கேட்க வேண்டும். அந்தச் சல்லடை சிறுநீரகத்தில் இருக்கிறது. கிழிசல் வழியே ஆல்புமின் வெளியேறும், பெரிய குளோபுலின்கள் மாட்டிக்கொள்ளும். இழப்பை ஈடுகட்டக் கல்லீரல் வேகமெடுத்து வேலை செய்யும்போது ஆல்புமினோடு பெரிய புரதங்களையும் கொழுப்பைச் சுமக்கும் புரதங்களையும் சேர்த்தே உற்பத்தி செய்கிறது. அதனால்தான் இவருக்குக் கொலஸ்ட்ரால் பார்த்தால் 340 என்று வரலாம். இதில் ஒரு ஏமாற்றும் உண்டு. கிருமியை எதிர்க்கும் ஐஜிஜி என்ற குளோபுலினும் சிறுநீரில் போய்க்கொண்டுதான் இருக்கும். மற்றவை கூடி அந்தக் குறையை மறைப்பதால் மொத்தக் கணக்கு 'நார்மல்' என்று வருகிறது.

விதிவிலக்குகளும் உண்டு. டெங்கு போன்ற காய்ச்சலில் ரத்தக்குழாய்கள் கசிந்து இரண்டு மூன்று நாளிலேயே ஆல்புமின் இறங்கும். கர்ப்பத்தில் ரத்தம் நீர்த்துச் சற்றுக் குறையும். இவருக்கு இரண்டும் இல்லை.

ஆகவே அடுத்த சோதனை சிறுநீர். பழைய ஆரம்ப சுகாதார நிலையங்களில் செய்த முறை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. சோதனைக் குழாயில் முக்கால் பங்கு சிறுநீரை எடுத்து, மேல்பாதியை மட்டும் ஸ்பிரிட் விளக்கில் காட்டுவார்கள். மேலே வெண்மையாகத் திரண்டு, கீழே தெளிவாகவே நிற்கும். இரண்டு சொட்டு அசிட்டிக் அமிலம் விட்டும் கலங்கல் கரையாவிட்டால் அது புரதம். இன்று ஒரு பட்டையை நனைத்தால் போதும், இவருக்கு 3+ என்று பச்சை நிறம் காட்டும். கழிப்பறையில் தண்ணீர் ஊற்றிய பிறகும் நுரை போகாமல் நிற்பதையும் கேட்டால் சொல்வார். பிறகு புரதம்-கிரியேட்டினின் விகிதம் 6 என்று வருவதாக வைத்துக்கொள்வோம். ஏறத்தாழ ஒரு நாளைக்கு 6 கிராம் புரதம் வெளியே போகிறது என்று பொருள். ஆரோக்கியமானவருக்கு 0.15 கிராமைத் தாண்டாது. 3.5-ஐத் தாண்டி, வீக்கமும் ஆல்புமின் சரிவும் சேர்ந்தால் அதற்குப் பெயர் நெஃப்ரோட்டிக் சிண்ட்ரோம்.

நம் ஊரில் இதற்கு முதல் சந்தேகம் பல வருடச் சர்க்கரை நோய். இவருக்குச் சர்க்கரை இல்லை. அப்போது மருத்துவர் கேட்க வேண்டிய கேள்வி கொஞ்சம் விநோதமாக இருக்கும்: "முகத்துக்கு என்ன க்ரீம் போடுறீங்க?"

கேரளத்தின் கோட்டக்கல்லில் உள்ள ஆஸ்டர் மிம்ஸ் மருத்துவமனையில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை, சல்லடைச் சவ்வு தடித்துப்போகும் மெம்பரனஸ் நெஃப்ரோபதி 22 பேருக்குக் கண்டறியப்பட்டது. அதில் 15 பேருக்கு நெல்-1 என்ற வகை. (வயலில் விளையும் நெல்லுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஒரு புரதத்தின் பெயர்.) அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு க்ரீம் பூசியவர்கள். க்ரீமில் இருந்தது பாதரசம். வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் 2022-இல் இதே வகை நோயைச் சித்தா முதலான பாரம்பரிய மருந்துகளோடு தொடர்புபடுத்தி எழுதினார்கள். அங்கும் சந்தேகம் பாதரசத்தின் மேல்தான்.

சதுரகிரிக்கு அடிவாரத்தில் வாழும் ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு மக்களிடம் இதைச் சொல்வது கொஞ்சம் சங்கடம். மூலிகையைக் குறை சொல்லவில்லை, இலையிலும் வேரிலும் யாரும் பாதரசம் சேர்ப்பதில்லை. பேர் ஊர் இல்லாத பொட்டலத்தில் வரும் செந்தூரமும், லேபிளில் என்ன கலந்தது என்று போடாத க்ரீம் டப்பாவும்தான் விஷயம். மருத்துவரிடம் போகும்போது இரண்டையும் பையில் போட்டு எடுத்துப் போங்கள். சிறுநீரகச் சதைப் பரிசோதனைக்குச் சிறுநீரக நிபுணரிடம் போக வேண்டியிருக்கும். நெல்-1 என்று உறுதியாகி, பாதரசமும் இருந்தது தெரிந்தால், முதல் வைத்தியம் அதை நிறுத்துவதுதான். அந்தக் கேரள நோயாளிகளில் பெரும்பாலோருக்கு அதிலேயே கசிவு அடங்கியது. ஆனால் நெல்-1 வகை புற்றுநோயோடும் சேர்ந்து வருவதுண்டு, எனவே அதையும் தேடிப் பார்ப்பார்கள்.

முட்டைக்கு வருவோம். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவது போல, அதிகப் புரதம் கொடுத்தால் கசிவும் கூடும். எடைக்கு ஏற்ற சாதாரண அளவு, அதாவது கிலோவுக்கு 0.8 முதல் 1 கிராம், போதும். உப்பைக் குறைப்பதுதான் வீக்கத்துக்கு உதவும். பாட்டிலில் ஏற்றும் ஆல்புமினும் ஓரிரு நாளில் சிறுநீரிலேயே போய்விடும். ஆல்புமின் 2.5-க்குக் கீழே இருக்கும்போது ரத்தம் உறைவதைத் தடுக்கும் புரதங்களும் சேர்ந்து கசிவதால், ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தாலோ மூச்சு வாங்கினாலோ ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

குணமாகும்போது முதலில் இறங்குவது சிறுநீரில் போகும் புரதம். ரத்தத்தில் ஆல்புமின் ஏற அதற்குப் பின் இன்னும் வாரக்கணக்கில் ஆகும். ஆகவே அடுத்த மாத ரிப்போர்ட்டில் 2.1 வெறும் 2.4 ஆக மட்டும் ஏறியிருந்தாலும், பக்கத்துத் தாளில் 6 என்றிருந்த விகிதம் 3 ஆகியிருந்தால் மருத்துவர் முகத்தில் சிரிப்பைப் பார்க்கலாம்.