கேஸ் நாற்றம் வந்ததும் முதலில் யாருக்குச் சொல்ல வேண்டும்?

2023 ஜூன் 21ஆம் தேதி இரவு. சீனாவின் நிங்சியா வட்டாரத்தில் உள்ள யின்சுவான் நகரில் டிராகன் படகுத் திருவிழா விடுமுறைக்கு முதல் நாள் என்பதால் உணவுக்கடைகளில் கூட்டம். அங்கிருந்த ஃபூயாங் என்ற பார்பெக்யூ கடையில் இரவு 8.40 மணி அளவில் சமையல் எரிவாயு வெடித்தது. 31 பேர் உயிரிழந்தனர். 7 பேர் காயமடைந்தனர்.

அந்த வெடிப்பு முன்னறிவிப்பு இல்லாமல் வரவில்லை. ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்கு முன்பே கடை ஊழியர்கள் எரிவாயு நாற்றத்தை உணர்ந்திருந்தார்கள். தோம்பின் வால்வு பழுதாகியிருப்பதையும் கண்டுபிடித்தார்கள். புது வால்வு வாங்கிவர ஓர் ஊழியர் அனுப்பப்பட்டார். அவர் வாங்கிவந்து மாற்றிக்கொண்டிருந்தபோதுதான் வெடித்தது என்று காயமடைந்த ஊழியர் ஒருவர் செய்தியாளர்களிடம் கூறினார். அவ்வளவு நேரமும் வாடிக்கையாளர்கள் உள்ளேயே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

நாற்றம் தெரிந்தது, இடமும் தெரிந்தது, காரணமும் தெரிந்தது. ஆனால் கடையைக் காலி செய்துவிட்டுத் தீயணைப்புப் படைக்குச் சொல்லாமல், தாங்களே சரிசெய்துவிடலாம் என்று முனைந்ததில் அந்த ஒரு மணி நேரம் போய்விட்டது.

சிங்கப்பூரின் காத்தோங் போன்ற பகுதிகளில் இந்தப் பாடம் இன்னும் நெருக்கமானது. ஈஸ்ட் கோஸ்ட் சாலை, ஜூ சியட் சாலை நெடுகிலும் பழைய கடைவீடுகள் ஒன்றோடொன்று சுவர் ஒட்டி நிற்கின்றன. கீழே சமையலறை, மேலே அலுவலகம் அல்லது குடியிருப்பு. பின்சந்தில் கழிவுநீர்க் கால்வாய் ஓடுகிறது. ஒரு கடையில் கசியும் வாயு அந்தக் கடையோடு நிற்காது.

தோம்பில் இருப்பது அழுத்தி அடைக்கப்பட்ட திரவம். வெளியே வந்தால் அது சுமார் 250 மடங்கு பெரிய அளவுக்கு ஆவியாக விரிகிறது. ஒரு கிலோ திரவம் ஏறக்குறைய அரை கனமீட்டர் வாயுவாகிவிடும். காற்றில் 2 விழுக்காட்டு அளவுக்கு அது கலந்தாலே தீப்பற்றப் போதும். அப்படியானால் ஒரு கிலோ வாயு சீராகப் பரவினால் 25 கனமீட்டர் காற்றை வெடிக்கும் கலவையாக மாற்றும். மூன்று மீட்டர் நீளமும் மூன்று மீட்டர் அகலமும் கொண்ட ஒரு சமையலறை முழுவதற்கும் அது போதுமானது.

உண்மையில் அது சீராகப் பரவுவதில்லை. தோம்பு வாயு காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து, மேசைக்கு அடியிலும் சாக்கடைத் துளையிலும் பின்சந்துக் கால்வாயிலும் தேங்கும். நின்றுகொண்டிருப்பவரின் மூக்குக்கு லேசாகத் தெரியும்போதே கணுக்கால் உயரத்தில் ஆபத்தான அளவு சேர்ந்திருக்கலாம். சிங்கப்பூரில் குழாய்வழி வரும் நகர எரிவாயு இதற்கு நேர்மாறானது. அது காற்றைவிட லேசானது, மேலே எழும். எனவே கசிவைத் தெரிவிக்கும்போது தோம்பா குழாயா என்று சொல்வது மிகவும் முக்கியம்.

நாற்றத்தை நம்புவதிலும் ஓர் எல்லை உண்டு. சமையல் எரிவாயுவுக்கு இயல்பில் பெரிதாக மணம் கிடையாது. கசிவு தெரியவேண்டும் என்பதற்காகவே எத்தில் மெர்காப்டன் என்ற இரசாயனத்தைச் சிறிதளவு சேர்க்கிறார்கள். தீப்பற்றும் அளவில் ஐந்தில் ஒரு பங்கு சேரும்போதே மூக்குக்குத் தெரியவேண்டும் என்பது கணக்கு. ஆனால் அதே நாற்றத்தில் சில நிமிடங்கள் நின்றால் மூக்கு மரத்துப்போகும். “முதலில் நாற்றம் வந்தது, இப்போது இல்லை” என்று சமையற்காரர் சொன்னால், கசிவு நின்றுவிட்டது என்று பொருள் கொள்ளக்கூடாது. வெளியிலிருந்து புதிதாக உள்ளே வருபவரின் மூக்குதான் சரியான சாட்சி.

அழுகிய முட்டைக்கோசு, சாக்கடை, முற்றிய டுரியான் ஆகியவற்றோடு இந்த நாற்றம் குழம்புவதும் உண்டு. 2018 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் ஆர்எம்ஐடி பல்கலைக்கழக நூலகத்தில் கேஸ் நாற்றம் என்று சொல்லிச் சுமார் 500 பேர் வெளியேற்றப்பட்டார்கள். தீயணைப்பாளர்கள் தேடிக் கண்டுபிடித்தது, அலமாரி ஒன்றில் அழுகிக் கிடந்த டுரியான் பழம். ஒரு சனிக்கிழமைப் பிற்பகலில் சிறிது நேரம் போனது, அவ்வளவுதான். யின்சுவானில் போனதோடு ஒப்பிட்டால் தவறான அழைப்பின் விலை மிகக் குறைவு.

இனி, காத்தோங்கில் ஒரு சிறிய உணவுக்கடையை எடுத்துக்கொள்வோம். கடையும் நேரமும் விளக்கத்துக்காகச் சொல்லப்படுபவை. மாலை 7.05 மணி. உள்ளே பதினான்கு வாடிக்கையாளர்கள், மூன்று ஊழியர்கள். பின்புறம் இரண்டு தோம்புகள். பாத்திரம் கழுவும் ஊழியருக்குத் தரைப்பக்கம் நாற்றம் வருகிறது. தோம்பின் தலைப்பகுதியில் ‘உஸ்’ என்ற சத்தம். வால்வைச் சுற்றி வெண்பனி படிந்திருக்கிறது. திரவம் ஆவியாகும்போது சுற்றியுள்ள சூட்டை இழுத்துக்கொள்வதால் படியும் பனி அது. சத்தமும் பனியும் இருந்தால் அது சிறு கசிவு அல்ல.

7.06 மணி. அடுப்புகள் அனைத்தின் குமிழும் மூடப்படுகின்றன. தோம்பின் வால்வு கைப்பிடி கடிகாரம் சுற்றும் திசையில் இறுகும்வரை திருப்பப்படுகிறது. வீட்டுத் தோம்பாக இருந்தால் ரெகுலேட்டரில் உள்ள விசையை மூடும் பக்கம் திருப்ப வேண்டும். பக்கத்தில் போக முடியாத அளவுக்கு வாயு பீறிட்டால் இந்த வேலையையும் விட்டுவிட்டு வெளியேற வேண்டும். தோம்பைச் சாய்க்கவோ படுக்கவைக்கவோ கூடாது. படுத்த தோம்பிலிருந்து ஆவிக்குப் பதில் திரவமே வெளியேறும், கசிவு பல மடங்காகும்.

இந்த இடத்தில்தான் பலர் கையைத் தவறான பக்கம் நீட்டுகிறார்கள். நாற்றத்தை வெளியேற்ற மின்விசிறியைப் போடுகிறார்கள். விளக்கை அணைக்கிறார்கள். எந்த விசையைப் போட்டாலும் அணைத்தாலும் உள்ளே ஒரு சிறு பொறி பறக்கும். ஏற்கெனவே ஓடும் விசிறி அப்படியே ஓடட்டும். எரியும் விளக்கு எரியட்டும். கதவும் சன்னலும் மட்டும் திறக்கப்பட வேண்டும். குளிர்பதனப் பெட்டி தானாகவே நின்று ஓடும்போதும் பொறி எழும் என்பதால்தான், விசைகளைத் தொடாமல் இருந்தாலும் ஆட்கள் உள்ளே தங்கக்கூடாது.

7.07 மணி. வாடிக்கையாளர்கள் முன்வாசல் வழியாக வெளியேற்றப்படுகிறார்கள். பில் கட்டுவதற்கு யாரும் நிறுத்தப்படுவதில்லை. ஓர் ஊழியர் இரு பக்கத்துக் கடைகளுக்கும் மாடியில் இருப்பவர்களுக்கும் வாய்மொழியாகச் சொல்கிறார். அழைப்புமணியை அழுத்தாமல் கதவைத் தட்டுகிறார். அஞ்சடியில் சிகரெட் பிடிப்பவரை அணைத்துவிட்டு நகரச் சொல்கிறார்.

7.08 மணி. கடை முதலாளி சாலையைக் கடந்து எதிர்ப்புறம் நின்றுகொண்டு 995 என்ற எண்ணில் சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படையை அழைக்கிறார். கைப்பேசியைக் கடைக்குள் பயன்படுத்தவில்லை. அவர் சொல்வது இவ்வளவுதான்: கடையின் முகவரியும் ஆறு இலக்க அஞ்சல் குறியீடும், தோம்பு எரிவாயு கசிகிறது, தீ இல்லை, 7.05க்கு நாற்றம் தெரிந்தது. வால்வை மூடிவிட்டோம், ஆனாலும் சத்தம் நிற்கவில்லை. தோம்புகள் இரண்டும் பின்பக்கம். எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள், காயம் யாருக்கும் இல்லை.

இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. முதலில் முகவரி சொல்லிவிட்டால் அழைப்பு துண்டிக்கப்பட்டாலும் வண்டி கிளம்பும். சிங்கப்பூரில் அஞ்சல் குறியீடு பெரும்பாலும் ஒரே கட்டடத்தைக் குறிப்பதால் அதுவே வழிகாட்டும். வால்வு மூடியும் சத்தம் நிற்கவில்லை என்பது வால்வே பழுது என்று வருகிறவர்களுக்கு உணர்த்தும். யாரும் உள்ளே இல்லை என்று தெரிந்தால் தேடுவதற்காக ஒருவர் ஆபத்துக்குள் நுழைய வேண்டியதில்லை.

ஆங்கிலம் தடுமாறும் ஊழியர் தனியாக இருக்கும்போதும் இது நடக்கலாம். அஞ்சல் குறியீட்டை எண் எண்ணாகச் சொல்லி, “கேஸ் லீக், சிலிண்டர், நோ ஃபயர்” என்று சேர்த்தால் போதும். அந்தக் குறியீடும் முகவரியும் பெரிய எழுத்தில் கடையின் வாசலருகே ஒட்டப்பட்டிருக்க வேண்டும். பதற்றத்தில் வேலை செய்யும் இடத்தின் எண்ணே மறந்துபோகும்.

7.11 மணி. இரண்டாவது அழைப்பு தோம்பு விநியோகிப்பாளருக்கு. அவரது எண் தோம்பின் ஒட்டுத்தாளில் இருக்கும் என்று விட்டுவிட்டால், அதைப் பார்க்க மறுபடியும் உள்ளே போக நேரிடும். கைப்பேசியில் முன்பே பதிந்துவைப்பதே சரி. இந்த வரிசை மாறக்கூடாது. விநியோகிப்பாளர் “ஆள் அனுப்புகிறேன்” என்று சொன்னதை நம்பி 995ஐத் தள்ளிப்போட்டால், யின்சுவானில் நடந்த அதே காத்திருப்புதான் இங்கேயும் நடக்கும். மலேசியாவில் முதல் அழைப்பு 999. இந்தியாவில் சமையல் எரிவாயுக் கசிவுக்கென்றே 1906 என்ற எண் உள்ளது.

சோப்புத் தண்ணீர்ச் சோதனை பலருக்கும் தெரியும். இணைப்பில் சோப்பு நுரையைத் தடவினால் கசியும் இடத்தில் குமிழி வரும். அது புதுத் தோம்பு மாட்டியவுடன் செய்ய வேண்டிய சோதனை. சத்தமும் நாற்றமும் வந்த பிறகு குமிழி தேடிக்கொண்டு பக்கத்தில் குனிவது, ஆபத்தான இடத்தில் முகத்தைக் கொண்டுபோய் வைப்பதாகும். தீக்குச்சி உரசிப் பார்ப்பது எப்போதுமே கூடாது.

படையினர் அளவுக்கருவி வைத்துப் பார்த்துச் சொல்லும்வரை யாரும் உள்ளே திரும்பக்கூடாது. கல்லாப்பெட்டிக்காகவும் கூடாது. பிறகு, அன்றிரவே முதலாளி ஒரு தாளில் நேரங்களை எழுதிவைக்க வேண்டும்: நாற்றத்தை யார் எப்போது உணர்ந்தார், வால்வை யார் மூடினார், சத்தம் நின்றதா, யாருக்கு எத்தனை மணிக்குச் சொல்லப்பட்டது, தோம்பின் மேல் பொறித்துள்ள எண் என்ன. பழுதான ரெகுலேட்டரையும் ரப்பர் குழாயையும் தூக்கிப் போடாமல் காட்டுவதற்கு வைத்திருக்க வேண்டும். பழுது தோம்பிலா, குழாயிலா, மாட்டிய முறையிலா என்று அப்போதுதான் தெரியும். இல்லையென்றால் அதே பழுதோடு அடுத்த தோம்பும் மாட்டப்படும்.

இந்தக் கடையில் நாற்றத்துக்கும் அழைப்புக்கும் இடையே போனது மூன்று நிமிடம். யின்சுவானில் ஒரு மணி நேரம் இருந்தும் அந்த மூன்று நிமிட வேலை நடக்கவில்லை.