கூடு வெறுமையானபின்

ஆண்டுதோறும் நம் கல்லூரி விடுதியில் வந்து சேரும் மாணவருட் பலர், தத்தம் இல்லத்துக்குக் கடைசிப் பிள்ளைகள் ஆவர். அவர்கள் பெட்டியும் படுக்கையுமாக இங்கு வந்து இறங்கும் அன்றே, ஊரில் தாயும் தந்தையும் தனித்து வாழும் காலம் தொடங்குகின்றது. மேனாட்டார் இதனைக் குஞ்சுகள் பறந்துபோன கூட்டுக்கு ஒப்பிட்டு, ‘வெறுங்கூடு’ என்பர். இக்காலத்தில் தம்பதிகளின் வாழ்வு எவ்வாறு மாறுகின்றது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

பிள்ளைகள் நீங்கினால் இல்லறம் இருளடையும் என்பது பொதுவான எண்ணம். இதனைச் சோதித்தறிந்த ஆராய்ச்சி ஒன்று உண்டு. கலிபோர்னியா மாகாணத்து ஓக்லண்டு நகரில் மில்ஸ் கல்லூரி என்னும் மகளிர் கல்லூரி இருந்தது. 1958, 1960 ஆம் ஆண்டுகளில் அங்குப் பயின்று தேறிய மாதரை ரவென்னா ஹெல்சன் என்னும் உளநூற் புலமையாளர் பல்லாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்து வந்தார். அம்மாதரின் நடுவயதுக்கால விடைகளை அவரும் சாரா கோர்ச்சாப், ஆலிவர் ஜான் என்பாரும் ஒப்பிட்டு, 2008 இல் முடிபுகளை வெளியிட்டனர். ஏறத்தாழ 43 ஆம் வயது முதல் 61 ஆம் வயது வரை, 18 ஆண்டுகளில், அவர்களுடைய மணவாழ்க்கைத் திருப்தி குறையவில்லை, வளர்ந்தது. பிள்ளைகள் வீடு நீங்கியதும் அவ்வளர்ச்சிக்கு ஒரு காரணமாகக் காணப்பட்டது.

இதில் நாம் கருத்தூன்ற வேண்டுவது மற்றொன்று. பிள்ளைகள் போனபின் கணவனும் மனைவியும் கூடியிருக்கும் நேரம் மிகுந்ததனால் இத்திருப்தி விளையவில்லை. கூடியிருந்த நேரத்தை அவர்கள் முன்னினும் இனிதாக நுகர்ந்தனர் என்பதே ஆராய்ச்சியாளர் கண்ட காரணம். மிகுந்தது நாழிகையன்று, அதன் சுவையே.

இதனை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். ஒரு குமாஸ்தாவின் குடும்பத்தை எண்ணிக்கொள்வோம். மூத்த மகள் மணமாகிச் சென்றாள். இளைய மகன் விடுதி புகுந்தான். தந்தைக்கு அலுவலகம் முன்போலவே இருக்கின்றது. தாய்க்கோ, விடியலில் எழுந்து சோறு கட்டிக்கொடுக்கும் வேலை ஒரே நாளில் அற்றுப்போயிற்று. ஆகவே, இழப்பு இருவர்க்கும் ஒரே அளவினதன்று. அவள் கை, பழக்கத்தால் மூவர்க்கு அரிசி அளக்கின்றது. மிஞ்சிய சோற்றைக் கண்டு கண் கலங்குகின்றாள். அக்கண்ணீரைத் தம்மீது சாற்றிய குறையாக எண்ணி, அவர் மாலையில் நெடுநேரம் உலாவப் போய்விடுகின்றார். அவர் மௌனத்தை அவள் அன்பின்மை என்று கொள்ளுகின்றாள்.

இருவரும் நாள் முழுதும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருப்பது இதற்குப் பரிகாரமாகாது. மேற்கூறிய ஆராய்ச்சியினின்று நாம் கொள்ளத்தக்க வழி இது: மாலைக் காப்பி வேளையில் அரைமணி நேரம், தொலைபேசியும் வரவுசெலவுக் கணக்கும் அப்பால் இருக்க, இருவரும் அமர்ந்து பேசுக. மகனைப்பற்றிய பேச்சு முதற் சில நிமிஷங்களோடு நிற்க. அதன்பின் பேசப் பொருளில்லை எனின், தோட்டம் போடுதல், ஒரு நூலை ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்டல் போன்ற ஒரு புதுவேலையை இருவரும் கூடித் தொடங்குக. வீட்டு வேலைகளையும் புதிதாகப் பங்கிட்டுக்கொள்ளுதல் வேண்டும்.

சில இல்லங்களில் இது எளிதன்று. நெடுங்காலமாக, “அப்பாவிடம் சொல்”, “அம்மாவைக் கேள்” என்று பிள்ளையையே தூதாக வைத்துப் பேசிவந்தவர்க்கு, பிள்ளை நீங்கியதும் பேச்சே நின்றுபோகும். மறைந்திருந்த பழம்பிணக்கும் வெளிப்படும். இதற்கு ஓர் அடையாளம் உண்டு. பெற்றோர் தனித்தனியே மகனைத் தொலைபேசியில் அழைத்து, ஒருவர்மேல் ஒருவர் குறை கூறுவர். அப்பொழுது மகன் அன்போடு கேட்கலாம். ஆனால் ஒருவர் சொல்லை மற்றவரிடம் கொண்டுசேர்த்தல் ஆகாது. சேர்ப்பின், அவன் விடுதியில் இருந்துகொண்டே பழைய தூதுத் தொழிலைச் செய்தவனாவான்.

பிரிவினால் வரும் துயரம் வேறு, நோய் வேறு. துயரம் இடையிடையே தணியும்; விருந்தினர் வந்தால் மறக்கும். இரண்டு வாரத்துக்கு மேலாக நாள்தோறும், பெரும்பாலான நேரமும் மனம் சோர்ந்து, உறக்கமும் உணவும் கெட்டு, விரும்பிய செயலிலும் நாட்டம் அற்றுப்போமாயின், மருத்துவரை நாடுதல் வேண்டும்.

மில்ஸ் ஆராய்ச்சிக்கு எல்லையும் உண்டு. விடையளித்தோர் கல்லூரிக் கல்வி பெற்ற அமெரிக்க மாதரே. அம்முடிபு மனைவியர் கூற்றின்மேல் எழுந்தது. மகனும் மருமகளும் பெற்றோருடன் கூடிவாழும் நம் நாட்டு இல்லங்கள் பலவற்றில் கூடு வெறுமையாவதேயில்லை. சிலவற்றில் வெறுமையாகி மீண்டும் நிறைகின்றது. எனவே அம்முடிபை அப்படியே நமக்குரியதாகக் கொள்ளலாகாது. ஆயினும், விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர், பெற்றோர் தம்முள் பேசிக்கொண்டிருக்கும் மாலைவேளையில் இடைபுகாது சற்றே ஒதுங்கியிருப்பரேல், அதுவும் அவர்க்கு ஓர் உதவியேயாம்.