புகைப்படம் ஓவியமாகும் முப்பது நொடி

கைப்பேசியில் அடிக்கடி கண்ணில் படும் வீடியோ ஒன்று உண்டு. முதலில் ஒரு புகைப்படம் தெரியும். சில நொடிகளில் அது மறைந்து, அதே இடத்தில் ஓவியம் நிற்கும். அப்படி ஒன்றை நடுவில் நிறுத்திப் பாருங்கள். படம் முழுவதும் ஒரே நேரத்தில் மங்கியிருந்தால், விளிம்புகள் எல்லாம் இரட்டையாகத் தெரிந்தால், அங்கே யாரும் எதையும் வரையவில்லை. புகைப்படம் ஒன்று, முடிந்த ஓவியம் ஒன்று, இரண்டையும் ஒன்றுக்குள் ஒன்று கரைத்திருக்கிறார்கள். மென்பொருளில் இரண்டு நிமிட வேலை.

உண்மையான டைம்லாப்ஸை எந்த இடத்தில் நிறுத்தினாலும் வேறு காட்சி கிடைக்கும். ஒரு கன்னம் இன்னும் புகைப்படமாகவே இருக்கும். மறு கன்னத்தில் வண்ணம் ஏறியிருக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு தூரிகைத் தீற்றலின் ஓரம் தெளிவாகத் தெரியும். ஓவியர் அடுத்து எங்கே கை வைக்கப்போகிறார் என்று பார்ப்பவர் காத்திருப்பது இந்த ஓரத்தினால்தான். பிரெஞ்சு இயக்குநர் ஹென்றி ஜார்ஜ் க்ளூசோ 1956இல் வெளியிட்ட ‘பிக்காசோவின் மர்மம்’ என்ற படம் முழுக்க இந்தக் காத்திருப்பின் மேல் நிற்கிறது. மையை ஊடுருவவிடும் தாளில் பிக்காசோ முன்னால் வரைய, கேமரா தாளின் பின்புறம் இருந்தது. அதனால் கையும் முதுகும் மறைக்காமல் கோடுகள் தாமாகவே பிறப்பதுபோல் திரையில் தோன்றின. எண்ணெய் வண்ண ஓவியங்களுக்கு அந்த உத்தி பயன்படாது. அவற்றை, கொஞ்சம் வரைவது, நிறுத்துவது, படமெடுப்பது என்று இடைவெளி விட்டுவிட்டுப் பதிவு செய்தார்கள்.

இன்று அதே வசதியைக் கிரிட்டா என்ற இலவச ஓவிய மென்பொருள் வீட்டுக் கணினியிலேயே தருகிறது. அதில் Settings > Dockers > Recorder என்று போனால் ஒரு சிறு பெட்டி திறக்கும். பதிவைத் தொடங்கிவிட்டால், நாம் வரைய வரைய, குறித்த இடைவெளியில் கான்வாஸின் படத்தை ஒரு கோப்புறையில் சேர்த்துக்கொண்டே போகும். நாம் எழுந்து காபி குடிக்கப் போனால் அதுவும் நின்றுவிடும், ஏனென்றால் படம் மாறினால்தான் பதிவு நடக்கும். திரையைப் பதிவு செய்யும் செயலிகளைவிட இது மேல் என்பேன். அவற்றில் நாம் முகத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பதும் கான்வாஸைச் சுழற்றுவதும் பதிவாகி, பார்ப்பவருக்குத் தலை சுற்றும். இங்கே எப்போதும் முழுக் கான்வாஸ் மட்டுமே பதிவாகிறது.

ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். ஜன்னலோரம் உட்கார்ந்து, முறத்தில் அரிசியை வைத்துக்கொண்டு கல் பொறுக்கும் பாட்டியின் புகைப்படம். வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து முகத்திலும் விரல்களிலும் விழுகிறது. பின்னால் இருண்ட சுவர். கான்வாஸை 2160க்கு 2700 பிக்ஸலாக வைத்து, புகைப்படத்தை அடி லேயரில் போட்டுப் பூட்டிவிட வேண்டும். அதன் மேல் மூன்று வெற்று லேயர்கள். பதிவுப் பெட்டியில் தெளிவைப் பாதியாக வைத்தால் ஒவ்வொரு பிரேமும் 1080க்கு 1350 ஆக வரும். அகலமும் உயரமும் இரட்டைப்படை எண்ணாக இருப்பது அவசியம். வழக்கமான எம்பி4 வடிவத்துக்கு மாற்றும்போது ஒற்றைப்படை அளவு வந்தால் மாற்றும் நிரல் பிழை காட்டி நின்றுவிடும்.

முதல் லேயருக்கு 200 பிக்ஸல் அகலமுள்ள பிரஷ். கண்ணை இடுக்கிக்கொண்டு புகைப்படத்தைப் பார்த்தால் எத்தனை நிறப்பரப்புகள் மிஞ்சுகின்றனவோ, அவை மட்டும் போதும்: இருண்ட சுவர், புடவையின் வெளிச்சப் பக்கம், நிழல் பக்கம், முகம், முறம். இதில் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். ஒன்று, நிறத்தைப் புகைப்படத்திலிருந்து ஒற்றை பிக்ஸலாக எடுத்தால், பாட்டியின் கன்னத்தில் பச்சையோ சாம்பலோ வந்து நிற்கும். அது கேமராவின் இரைச்சல். நிறம் எடுக்கும் கருவியில் Radius என்ற அமைப்பை உயர்த்தினால் சுற்றுவட்டாரத்தின் சராசரி நிறம் கிடைக்கும். இன்னொன்று, பூசும் வரிசை. மேலிருந்து கீழாக ஒழுங்காகப் பூசிக்கொண்டே வந்தால், வீடியோவில் அது பாயை விரிப்பதுபோல இருக்குமே தவிர ஓவியம் உருவாவதாகத் தோன்றாது. சுவரில் இரண்டு தீற்றல், புடவையில் ஒன்று, பிறகு முறம் என்று கை அங்குமிங்கும் போய்வர வேண்டும். பெரிய நிறங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்க ஓவியருக்கும் அதுதான் வசதி.

இரண்டாம் லேயருக்கு 70 பிக்ஸல், மூன்றாவதுக்கு 20. பிரஷ் சிறியதானதும் எல்லா இடத்தையும் மறுபடி வரையத் தோன்றும். பெரும்பாலான டைம்லாப்ஸ்கள் கெடுவது இங்கேதான். ஒவ்வொரு மூலையையும் சிறிய பிரஷால் நிரப்பினால், மூன்று மணி நேர உழைப்புக்குப் பிறகு கிடைப்பது கொஞ்சம் கலங்கிய அதே புகைப்படம். மாற்றம் எங்கே நடந்தது என்று பார்ப்பவருக்குப் புரியாது.

எங்கே நிறுத்துவது என்பதற்கு ஒரு நல்ல விடை ஓவியக் கூடத்திலிருந்து வராமல் கணினி ஆய்விலிருந்து வந்திருக்கிறது. புகைப்படத்தைக் கணினியே தீற்றல் தீற்றலாக வரையும் ஒரு முறையை ஆரன் ஹெர்ட்ஸ்மன் 1998இல் சிக்கிராஃப் மாநாட்டில் வெளியிட்டார். முதலில் புகைப்படத்தை நன்றாக மங்கலாக்கி, பெரிய பிரஷால் அதை வரைகிறது நிரல். பிறகு சற்றே மங்கலான பிரதியை எடுத்து, இதுவரை வரைந்ததோடு ஒப்பிடுகிறது. இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு வரம்பைத் தாண்டும் இடங்களில் மட்டும் சிறிய பிரஷ் இறங்குகிறது. மற்ற இடங்களில் பெரிய தீற்றல் அப்படியே நிற்கிறது. தீற்றல்களைக்கூட வரிசையாகப் போடாமல் தாறுமாறான ஒழுங்கில் போடச் சொல்லியிருக்கிறார், இயந்திரத்தனம் தெரியக் கூடாது என்பதற்காக.

கையால் வரைபவருக்கும் இதே விதி பொருந்தும். பாட்டிக்குப் பின்னால் உள்ள சுவரில் முதல் லேயருக்கும் புகைப்படத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அதைத் தொடவே வேண்டாம். புடவை மடிப்புகளுக்கு இரண்டாம் லேயர் போதும். 20 பிக்ஸல் பிரஷ் போக வேண்டிய இடங்கள் கண், மூக்குக் கண்ணாடி, விரல் நுனிகள், முறத்தின் ஓரம். முறத்து அரிசியை ஒவ்வொரு மணியாக வரையும் ஆசையை அடக்க வேண்டும். வெளிச்சம் விழும் பக்கத்தில் ஏழெட்டு மணி தெரிந்தால் மீதியைப் பார்ப்பவரின் கண் நிரப்பிக்கொள்ளும்.

ஒளி ஊடுருவும் பிரஷ்களைப் பயன்படுத்தினால் ஒரு சிக்கல் வரும். வண்ணத்துக்கு அடியிலிருந்து புகைப்படத்தின் தோலும் நூலிழையும் எட்டிப் பார்க்கும். வரையும்போது ஓவியம் அழகாக இருப்பதாகவே தோன்றும், ஏனென்றால் பாதி வேலையைப் புகைப்படம் செய்துகொண்டிருக்கிறது. பதிவை நிறுத்திவிட்டு அடி லேயரை மறைத்தால் குட்டு வெளிப்படும். பூசாத இடங்களிலும் மெல்லிசாகப் பூசிய இடங்களிலும் சதுரக் கட்டங்கள் தெரியும். பதிவை நிறுத்தாமல் இதைச் செய்தால் புகைப்படம் இல்லாத அந்தக் காட்சியும் பதிவாகி, வீடியோவில் ஒரு மின்வெட்டுப் போலத் துடிக்கும். அப்படிப் பதிந்த பிரேமை அழிக்காதீர்கள். எண் வரிசையில் ஓட்டை விழுந்தால் வீடியோ அந்த இடத்தோடு முடிந்துபோகும். முந்தைய பிரேமின் நகலை அதே பெயரில் அங்கே வைத்தால் சரியாகிவிடும்.

அடுத்தது நேரம். நொடிக்கு ஒரு பிரேம் என்று பதிவு வைத்து மூன்று மணி நேரம் பிரஷ் ஓடியிருந்தால் 10,800 பிரேம்கள் சேர்ந்திருக்கும். நொடிக்கு 24 பிரேம் வேகத்தில் அது ஏழரை நிமிடம். முப்பது நொடிக்கு 720 பிரேம் வேண்டும், அதாவது பதினைந்துக்கு ஒன்று. ஆனால் எல்லா இடத்திலும் பதினைந்துக்கு ஒன்று என்று எடுத்தால் வீடியோ படுத்துவிடும். கான்வாஸ் முழுவதும் மாறும் முதல் லேயருக்கு 20 நிமிடம்தான் ஆகியிருக்கும். இரண்டாவதுக்கு 40 நிமிடம். கண்ணையும் விரலையும் திருத்திக்கொண்டிருந்த மூன்றாவதுக்கு இரண்டு மணி நேரம். சமமாகச் சுருக்கினால் பெரிய மாற்றம் மூன்று நொடியில் ஓடிவிடும், கண்ணுக்குத் தெரியாத திருத்தங்கள் இருபது நொடி இழுக்கும்.

ஆகவே ஒவ்வொரு லேயருக்கும் பத்து நொடி என்று பிரித்துக்கொள்ளலாம். முதல் லேயரின் 1,200 பிரேம்களில் ஐந்துக்கு ஒன்று, அடுத்த 2,400இல் பத்துக்கு ஒன்று, கடைசி 7,200இல் முப்பதுக்கு ஒன்று. மூன்றிலும் 240 பிரேம் கிடைக்கும். தொடக்கத்தில் புகைப்படம் இரண்டு நொடி அசையாமல் நிற்கட்டும், முடிவில் ஓவியம் நான்கு நொடி நிற்கட்டும். பிரேம்கள் உள்ள கோப்புறையில் இந்த ஒரே கட்டளை அத்தனையையும் செய்துவிடும்:

```
ffmpeg -framerate 24 -i %07d.jpg -vf "select='lt(n,1200)*not(mod(n,5))+between(n,1200,3599)*not(mod(n,10))+gte(n,3600)*not(mod(n,30))',setpts=N/24/TB,fps=24,tpad=start_mode=clone:start_duration=2:stop_mode=clone:stop_duration=4" -c:v libx264 -pix_fmt yuv420p oviyam.mp4
```

உங்கள் படத்தில் லேயர் மாறிய பிரேம் எண் வேறாக இருக்கும். 1200, 3599, 3600 என்ற எல்லைகளையும், ஒவ்வொரு லேயரும் 240 பிரேம் தரும்படி 5, 10, 30 என்ற எண்களையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். முதல் பிரேம் தூரிகை படாத புகைப்படம்தானா என்பதையும் முன்பே பார்த்துவிட வேண்டும். ஏற்கெனவே ஒரு தீற்றல் விழுந்திருந்தால் புகைப்படத்தின் நகலை அந்த இடத்தில் வைக்கலாம், அளவு மட்டும் 1080க்கு 1350 ஆகவே இருக்க வேண்டும். ஜிஃப் வடிவத்தில் கேட்பவர்களுக்கு எம்பி4 கொடுப்பதே நல்லது. ஜிஃப் ஒரு பிரேமுக்கு 256 நிறங்களுக்கு மேல் தாங்காது. பாட்டியின் பின்னால் இருட்டு மெல்ல வெளிச்சமாகும் சுவர் பட்டை பட்டையாக உடைந்துவிடும்.

ஓவியத்தைப் பதிவு செய்யாமலே வரைந்து முடித்தவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. மூன்று லேயர்களும் தனித்தனியாக இருந்தால், ஒவ்வொன்றுக்கும் ஒரு டிரான்ஸ்பரன்சி மாஸ்க் போட்டு, அதைக் கறுப்பால் நிரப்பினால் லேயர் மறைந்துவிடும். இப்போது பதிவைத் தொடங்கி, மாஸ்க்கின் மேல் வெள்ளையால் தீட்டினால், பிரஷ் போகும் இடத்தில் ஏற்கெனவே வரைந்த வண்ணம் வெளிவரும். இது வரைவது ஆகாது, வரைந்ததைத் திறந்து காட்டுவது. பகிரும்போது அப்படியே சொல்லிவிடுவதுதான் முறை. ஆனாலும் கரைத்துக் காட்டும் வீடியோவைவிட இது பல மடங்கு நேர்மையானது, தீற்றலின் ஓரம் இதில் உயிரோடு இருக்கிறது. ஒரே நிபந்தனை, முதல் லேயரைத் திறக்க முதல் லேயரை வரைந்த அதே 200 பிக்ஸல் பிரஷையே எடுக்க வேண்டும், அன்று கை போன திசையிலேயே போக வேண்டும். சிறிய பிரஷால் திறந்தால், பெரிய தீற்றல் துண்டு துண்டாக வெளிவந்து, தூரிகை அறிந்த எவருக்கும் முதல் நொடியிலேயே அது தெரிந்துவிடும்.