டிக் ஒரு நொடியில, பணம் வெளிய வர 7 நாள்: ஏன்?

இந்த வார எபிசோட்ல ரோல்அப் பத்திப் பேசினோம். கேட்டவங்க நிறைய பேருக்கு ஒரே சந்தேகம்: "லேயர் டூல காசு அனுப்பினா ஒரு நொடியில போயிடுது. அதே காசை எத்திரியத்துக்குத் திரும்ப எடுக்கணும்னா 7 நாள் காத்திருன்னு சொல்லுது. இது என்ன நியாயம்?" ரோல்அப்போட மொத்தக் கதையும் அந்த 7 நாளுக்குள்ளதான் இருக்கு. அதனால இங்க நிதானமா எழுதறேன்.

முதல்ல கட்டணம். எத்திரியம் மெயின் செயின்ல நேரடியா ஈத்தர் அனுப்பினா 21,000 கேஸ் செலவாகும். ஒரு கேஸ் 20 குவெய், ஒரு ஈத்தர் 2,500 டாலர்னு ஒரு கணக்குக்கு வச்சுக்குவோம். கட்டணம் 1.05 டாலர். நீங்க 5 டாலர் அனுப்பினாலும் சரி, 5,000 டாலர் அனுப்பினாலும் சரி, அதேதான். உலகம் முழுக்க ஓடற ஆயிரக்கணக்கான கணினிகள் உங்க ஒரு பரிவர்த்தனையைச் சரிபார்த்து எழுதி வைக்கிறதுக்கான விலை அது.

ஒரு கல்யாணத்துக்கு நாப்பது பேர் தனித்தனியா டாக்சி பிடிக்கிறதுக்குப் பதிலா ஒரு பஸ் பிடிச்சா எப்படியோ, ரோல்அப் செய்யறதும் அதுதான். உங்க பரிவர்த்தனை முதல்ல சீக்வென்சர்னு ஒரு கணினிக்குப் போகுது. அது எல்லாருடைய பரிவர்த்தனையையும் வரிசைப்படுத்தி, தன்கிட்டயே கணக்கைப் போட்டு முடிச்சிடும். அப்புறம் அந்த வரிசையை மொத்தமாச் சுருக்கி, ஒரே பொட்டலமா எத்திரியத்துல போட்டுடும். அந்தப் பொட்டலத்தை மெயின் செயின் திறந்து கணக்குப் பார்க்கிறதில்லை. யார் வேணும்னாலும் எடுத்துப் பார்க்கிற மாதிரி வச்சிருக்கும், அவ்வளவுதான்.

2024 மார்ச்சுக்கு முன்னாடி இந்தப் பொட்டலம் கால்டேட்டாவா போச்சு. ஒரு பைட்டுக்கு 16 கேஸ். சுருக்கின பிறகு உங்க பரிவர்த்தனை 100 பைட்னா 1,600 கேஸ், அதாவது நம்ம கணக்குப்படி 8 சென்ட். 13 மார்ச் 2024ல வந்த டென்குன் மேம்பாட்டுல பிளாப்னு ஒண்ணு வந்துச்சு. ஒரு பிளாப்ல 1,31,072 பைட் இடம். 100 பைட் வீதம் சுமார் 1,300 பேர் அதுல ஏறலாம். பிளாபுக்குத் தனிச் சந்தை, தனி விலை. அங்க ஒரு யூனிட் விலை 1 குவெய்னு வச்சா முழு பிளாபுக்கும் 33 சென்ட். அதைச் சுமந்து போற எத்திரியப் பரிவர்த்தனைக்கு ஒரு 1.05 டாலர். ரெண்டும் சேர்த்து 1.38 டாலரை 1,300 பேருக்குப் பிரிச்சா, தலைக்கு ஏறக்குறைய ஒரு சென்ட்ல பத்துல ஒரு பங்கு. இதுக்கு மேல சீக்வென்சர் வாங்கற சின்னக் கட்டணம் ஒண்ணு சேரும்.

பஸ் நிறையலைன்னா இந்தக் கணக்கு மாறும். ஆளே இல்லாத ரோல்அப்ல 1,300 பேர் சேர நேரமாகும். காத்திருக்காமப் பாதி பிளாபை அனுப்பினா தலைக்கு ஆகிற செலவு ரெண்டு மடங்கு.

இப்ப பாதுகாப்புக்கு வருவோம். வாலட்ல ஒரு நொடியில வர்ற பச்சை டிக், சீக்வென்சர் தர்ற வாய்வார்த்தைதான். பொட்டலம் எத்திரியத்துல ஏறின பிறகுதான் அந்த வரிசை நிலைக்கும். உங்க கையெழுத்து அதுகிட்ட இல்லாததால உங்க பேர்ல பரிவர்த்தனை எழுத அதால முடியாது. தாமதப்படுத்தலாம், வரிசையை மாத்தலாம், இல்லைன்னா படுத்துக்கலாம். 15 டிசம்பர் 2023ல ஆர்பிட்ரமோட சீக்வென்சர், கூட்டம் தாங்காம ஒரு மணி நேரத்துக்கு மேல நின்னுச்சு. யாருடைய காசும் தொலையலை. சீக்வென்சர் உங்களை வேணும்னே ஒதுக்கினாலும், ஆர்பிட்ரம்ல உங்க பரிவர்த்தனையை நேரா எத்திரிய கான்ட்ராக்ட்ல போட்டு, 24 மணி நேரம் கழிச்சுக் கட்டாயமா வரிசைக்குள்ள சேர்க்க வைக்கலாம். அதுக்கு மெயின் செயின் கட்டணம் நீங்க கட்டணும்.

சரி, பொட்டலத்துல இருக்கிறது ஒண்ணு, "இதுதான் இறுதிக் கணக்கு"ன்னு எத்திரியத்துல சொல்றது வேறொண்ணா இருந்தா? உங்க ஈத்தர் உண்மையில எத்திரியத்துல ஒரு பிரிட்ஜ் கான்ட்ராக்ட்லதான் பூட்டி இருக்கு. பொய்க் கணக்கை அது நம்பிட்டா, எல்லாருடைய காசும் யாரோ ஒருத்தர் கைக்குப் போயிடும். அதனாலதான் ஆர்பிட்ரம், ஆப்டிமிசம் மாதிரி ஆப்டிமிஸ்டிக் ரோல்அப்கள், கணக்கைச் சொன்ன உடனே ஏத்துக்கிறதில்லை. சுமார் 7 நாள் விட்டு வைக்கும். அதுக்குள்ள பொட்டலத்தை எடுத்து யாராவது மறுபடி கணக்குப் போட்டு, "இது தப்பு"ன்னு சவால் விடலாம்.

சவால் வந்தா எத்திரியம் முழுக் கணக்கையும் போடாது. ரெண்டு பேரையும் பாதிப் பாதியாக் குறுக்கச் சொல்லும்: முதல் பாதி வரைக்கும் ஒத்துப் போறீங்களா, அப்ப தகராறு ரெண்டாம் பாதியில. இப்படியே குறுக்கிக் குறுக்கி, கோடிக்கணக்கான படிகள்ல ஒரே ஒரு படிக்கு வந்து நிக்கும். அந்த ஒரு படியை மட்டும் மெயின் செயின் தானே செஞ்சு பார்த்து, யார் சொன்னது பொய்னு தீர்ப்பு சொல்லும். மெயின் செயின்மேல சாய்ஞ்சு நிக்கிறதுங்கறது இதைத்தான். பிளாப்ல இருக்கிற தகவலைச் சுமார் 18 நாள்ல எத்திரியம் அழிச்சிடும், அதோட கைரேகை மாதிரி ஒரு சிறு அடையாளம் மட்டும் தங்கும். 7 நாள் சவாலுக்கு அந்த 18 நாள் போதும்.

ஜீரோ நாலெட்ஜ் ரோல்அப்கள் வேற வழியில போகுது. கணக்கோட சேர்த்து, அது சரின்னு கணித நிரூபணத்தையும் கொடுத்துடும். சவாலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனா அந்த நிரூபணத்தை உருவாக்கக் கணினி வேலை ஏராளம்.

எனக்கு முக்கியமாப் படறது இனிமேதான். 7 நாள் காத்திருக்கச் சொல்றதாலேயே அங்க சவால் விட வழி இருக்குன்னு அர்த்தமில்லை. ஆப்டிமிசம் 2021 டிசம்பர்ல எல்லாருக்கும் திறந்துச்சு. வெளியாள் யார் வேணும்னாலும் சவால் விடற வசதி அங்க வந்தது 2024 ஜூன்லதான். நடுவுல இருந்த ரெண்டரை வருஷமும் வெளியாட்கள் காத்திருந்தாங்க, ஆனா பொய்க் கணக்கு வந்திருந்தா தடுக்க அவங்களுக்கு வழியில்லை. நம்பிக்கை அந்தக் குழுமேலதான் இருந்தது. ஆகஸ்ட்ல தணிக்கையில சில ஓட்டைகள் தெரிய வந்ததும், சரிசெய்யற வரைக்கும் அந்த வசதியைத் தற்காலிகமா அனுமதி பெற்றவங்களுக்கு மட்டும்னு மாத்தினாங்க. அப்படி மாத்த முடிஞ்சதே, கான்ட்ராக்டைத் திருத்தற சாவி ஒரு குழுகிட்ட இருந்ததாலதான். ஓட்டையை அடைக்க உதவற அதே சாவி, தப்பான கைக்குப் போனா பிரிட்ஜையே திறந்துடும்.

அதனால ஒரு ரோல்அப்ல பெரிய தொகை வைக்கிறதுக்கு முன்னாடி நான் L2BEAT தளத்துல மூணு விஷயம் பார்ப்பேன். பொட்டலம் எத்திரியத்துலயே ஏறுதா, வேற எங்கயாவதா? தப்பான கணக்கை வெளியாள் தடுக்க முடியுமா, இல்லை நிரூபணம் கட்டாயமா? கான்ட்ராக்டை மாத்தற சாவி எத்தனை பேர் கையில, மாத்தறதுக்கு முன்னாடி நமக்கு வெளியேற எத்தனை நாள் கிடைக்கும்? அங்க இதையெல்லாம் வச்சு ஒவ்வொரு ரோல்அப்பையும் ஸ்டேஜ் 0, 1, 2ன்னு பிரிச்சிருப்பாங்க. 0ன்னா இன்னும் நடத்தறவங்களை நம்பித்தான் ஓடுதுன்னு எடுத்துக்கோங்க.

காத்திருக்கப் பிடிக்கலைன்னா, சின்னக் கட்டணத்துக்கு உடனே காசு தர்ற பிரிட்ஜ் சேவைகள் இருக்கு. அவங்க தங்க கையில இருக்கிற ஈத்தரை எத்திரியத்துல உங்களுக்குக் கொடுத்துட்டு, உங்க ஈத்தரை ரோல்அப்ல வாங்கிக்குவாங்க. 7 நாள் காத்திருப்பு உங்க தலையில இருந்து அவங்க தலைக்கு மாறுது. ஆனா அப்ப நீங்க நம்பறது எத்திரியத்தை மட்டும் இல்லை, அந்தச் சேவையோட கோடையும் சேர்த்துத்தான். காபிக் காசுக்கு அது போதும். சேமிப்புக்கு நான் அந்த 7 நாளைக் காத்திருந்துடுவேன்.