மூன்றாம் இடத்தில் ஒரு நைட்ரோ

மெத்தில் பென்சோயேட் இனிய மணமுள்ள, நிறமற்ற திரவம். அதில் நைட்ரோ தொகுதி ஒன்றைச் சேர்த்தால் மெத்தில் மெட்டா-நைட்ரோபென்சோயேட் வெண்படிகமாகக் கிடைக்கும். கல்லூரி வேதியியல் ஆய்வகங்களில் பல தலைமுறை மாணவர்கள் செய்துவந்த சோதனை இது. பலர் செய்முறையையும் எடையையும் மட்டும் அறிக்கையில் எழுதிவிடுகிறார்கள். நைட்ரோ ஏன் அந்த இடத்தில் போய் அமர்ந்தது, அங்கேதான் அமர்ந்தது என்று எப்படித் தெரியும் என்ற இரு கேள்விகளுக்கும் விடை சொல்வதே நல்ல அறிக்கை என்பேன்.

பென்சீன் வளையத்தில் ஆறு கார்பன்கள். முதலாவதில் எஸ்டர் தொகுதி இருக்கிறது. அதை ஒட்டிய இரண்டும் ஆர்த்தோ இடங்கள், அடுத்த இரண்டும் மெட்டா, நேர் எதிரே உள்ள ஒன்று பாரா. குருட்டாம்போக்கில் நடந்தால் ஐந்தில் இரண்டு பங்குதான் மெட்டாவில் சேரும். உண்மையில் பெரும்பகுதி அங்கேதான் போகிறது.

அடர் கந்தக அமிலமும் நைட்ரிக் அமிலமும் கலந்தால் நேர்மின்னேற்றம் கொண்ட நைட்ரோனியம் அயனி பிறக்கிறது. அது எந்தக் கார்பனோடு சேர்ந்தாலும் அந்த நேர்மின்னேற்றம் வளையத்தின் வேறு மூன்று கார்பன்களில் பரவும். ஆர்த்தோவிலோ பாராவிலோ சேர்ந்தால் அந்த மூன்றில் ஒன்று எஸ்டரைத் தாங்கும் கார்பனாக அமைந்துவிடும். எஸ்டரின் கார்பனைல் கார்பன் ஏற்கெனவே எலக்ட்ரான் குறைந்து நிற்கிறது. நேருக்கு அருகில் நேர் வருவதால் அந்த இடைநிலை நிலைகுலைகிறது. மெட்டாவில் சேர்ந்தால் இந்தச் சிக்கல் இல்லை. எஸ்டர் எல்லா இடங்களையுமே மந்தமாக்குகிறது, மெட்டாவைக் குறைவாக மந்தமாக்குகிறது, அவ்வளவுதான். "மெட்டா இடம் தூண்டப்படுகிறது" என்று எழுதும் அறிக்கை இங்கேதான் தவறுகிறது.

செய்முறைக்கு வருவோம். 6 மி.லி. அடர் கந்தக அமிலத்தைப் பனிக்கட்டித் தொட்டியில் குளிரவைத்து, 3.05 கிராம் மெத்தில் பென்சோயேட்டைச் சேர்க்க வேண்டும். இரண்டு அமிலங்களிலும் 2 மி.லி. வீதம் கலந்து குளிரவைத்த கலவையைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். வெப்பநிலை 15 டிகிரியைத் தாண்டக் கூடாது. வெப்பமானி தொட்டியில் அல்ல, வினைக்கலவைக்குள் இருக்க வேண்டும். வெப்பம் பிறப்பது அங்கேதான். சூடு ஏறினால் இரண்டாவது நைட்ரோவும் சேரத் தொடங்கும், கலவை கருத்த மஞ்சளாகும். அதற்காக மிகையாகக் குளிரவைத்தாலும் ஆபத்துதான். அமிலம் வினைபுரியாமல் தேங்கிப் பிறகு மொத்தமாக வினைபுரிந்து வெப்பத்தைக் கொட்டும். சொட்டு விடும் வேகமே இங்கே கடிவாளம்.

அமிலம் முழுவதும் சேர்ந்தபின் அறை வெப்பநிலையில் கால் மணி நேரம் வைத்து, 25 கிராம் நொறுக்கிய பனிக்கட்டியின் மேல் ஊற்றினால் திண்மம் பிரியும். புக்னர் புனலில் வடிகட்டி, அமிலம் போகும்வரை குளிர்ந்த நீரால் கழுவ வேண்டும். அமிலம் தங்கிவிட்டால் பிறகு சூடாக்கும்போது எஸ்டரையே சிதைக்கக்கூடும். அடுத்து, பனிபோல் குளிர்ந்த மெத்தனால் கொஞ்சம். ஆர்த்தோ மாற்றியம் அறை வெப்பநிலையில் எண்ணெய் போன்றது. மெத்தனாலோடு அதில் பெரும்பகுதி போய்விடும். மெத்தனாலைத் தாராளமாக ஊற்றினால் நமக்கு வேண்டியதும் கரைந்து போகும்.

மீள்படிகமாக்கலுக்கும் மெத்தனால்தான். அது நச்சு, எளிதில் தீப்பற்றும். ஆகவே சுடரின்றி, புகைபோக்கிப் பெட்டிக்குள் வெந்நீர்த் தொட்டியில்தான் சூடாக்க வேண்டும். குளிரும்போது படிகத்துக்குப் பதில் எண்ணெய்த்துளி திரண்டால், கொஞ்சம் மெத்தனால் சேர்த்து மறுபடி சூடாக்கி மெதுவாக ஆறவிடலாம்.

ஒரு கணக்கு பார்ப்போம். 3.05 கிராமுக்குக் கோட்பாட்டு விளைச்சல் 4.06 கிராம். வடிகட்டிய உடனே நிறுத்து 4.3 கிராம் என்று ஒரு மாணவி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அது 106 சதவீதம், மிகுதி ஈரம்தான். உலர்ந்தபின் 3.4 கிராம், அதாவது 84 சதவீதம். ஆனால் அது 71 முதல் 75 டிகிரி வரை உருகுகிறது. மீள்படிகமாக்கியபின் 2.6 கிராம், 64 சதவீதம். உருகுநிலை 77 முதல் 78. தூய மெட்டா சேர்மம் உருகுவது 78 டிகிரியில். எடை குறைந்ததை அவர் தோல்வியாக எழுத வேண்டியதில்லை. போனதில் மாசும் உண்டு, மெத்தனாலில் தங்கிய நல்ல பொருளும் உண்டு.

இரட்டை நைட்ரோ சேர்மம் 108 டிகிரியில் உருகுவது. அது கலந்தால் உருகுநிலை உயரும் என்று சிலர் எண்ணுகிறார்கள். சிறிதளவு கலந்தால் உருகுநிலை தாழ்ந்து, அதன் இடைவெளி அகலும். பாரா மாற்றியம் கலந்தாலும் அப்படியே. ஆகவே மாசு இருக்கிறது என்பதைத்தான் உருகுநிலை காட்டும், எந்த மாசு என்பதைக் காட்டாது. அதற்கு, வடிந்த மெத்தனாலில் ஒரு சொட்டையும் தூய படிகத்தின் கரைசலையும் மென்படல வண்ணப்பிரிகைத் தகட்டில் அருகருகே ஓட்டி, மெத்தனால் பக்கம் கூடுதல் புள்ளிகள் எழுகின்றனவா என்று புற ஊதா விளக்கின் கீழ் பார்க்க வேண்டும். அந்தத் தகட்டின் படத்தையும் அறிக்கையில் ஒட்டிவிடலாம்.